பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கு வீட்டு ஓனரிடம் இருப்பிடக் கடிதம் வாங்குவது

சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் பல, ஆதாரில் ஒரு முகவரியும் குடியிருப்பது வேறு முகவரியுமாக வாழ்கின்றன. ஆதாரும் ரேஷன் கார்டும் குடிபாலாவிலோ நகரியிலோ உள்ள சொந்த ஊர் முகவரியைக் காட்டும். மின் கட்டண ரசீது ஓனர் பெயரில் வரும். வீட்டு வரி ரசீதும் அப்படித்தான். ஆக, வாடகை ஒப்பந்தத்தைத் தவிர, இந்த வீட்டில் இந்தக் குடும்பம் குடியிருக்கிறது என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட அவர்கள் கையில் இருக்காது. மற்ற நாட்களில் இதனால் பெரிய தொல்லை இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதுதான், அதுவும் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து இடம் தரும் சேர்க்கையில், இந்தக் குறை முன்னால் வந்து நிற்கும்.

அந்தக் குறையைத் தீர்க்க வீட்டு ஓனர் எழுதித் தரும் அரைப்பக்கக் கடிதம் உதவும். அதை யாரிடம் காட்ட வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும், ஓனர் தயங்கினால் என்ன செய்வது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

எந்தச் சேர்க்கைக்கு இந்தக் கடிதம் வேண்டும்?

எல்லாப் பள்ளிக்கும் இது தேவைப்படாது. அரசுப் பள்ளியில் முகவரிச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் மேல் வைத்திருக்கிறது. முழுக் கட்டணம் வாங்கிச் சேர்க்கும் தனியார் பள்ளியும் பெரும்பாலும் ஆதார் நகலோடு நிறுத்திக்கொள்ளும். திருப்பதியில் உள்ளதுபோன்ற கேந்திரிய வித்யாலயங்கள் இருப்பிடச் சான்று கேட்கும். ஆனால் அந்தச் சான்று இல்லாததை மட்டும் வைத்து அங்கே இடம் மறுக்கக் கூடாது. தூரத்தைப் பற்றிப் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழியையே ஏற்கலாம் என்று அவற்றின் சேர்க்கை வழிகாட்டுதல் சொல்கிறது.

கடிதத்துக்கு உண்மையான வேலை இருப்பது 25 சதவீத ஒதுக்கீட்டில். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி, தனியார் பள்ளிகள் ஒன்றாம் வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். ஆந்திரப் பிரதேசத்தில் இது 2022-23 கல்வியாண்டை ஒட்டித்தான் முறையாக நடைமுறைக்கு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலிடம். இடம் மிஞ்சினால் 3 கிலோமீட்டர் வரை பார்ப்பார்கள். அதனால் முகவரிதான் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கிறது. குடிபாலா முகவரியோடு திருப்பதிப் பள்ளிக்கு விண்ணப்பித்தால், பள்ளி வாசலுக்கு எதிரிலேயே குடியிருந்தாலும் காகிதத்தில் 60, 70 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருப்பீர்கள்.

இந்த விண்ணப்பத்துக்கு முகவரிச் சான்றாக ஆதார், ஓட்டர் கார்டு, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், மின் கட்டண ரசீது முதலியவற்றோடு வாடகை ஒப்பந்த நகலையும் அரசு ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது வாடகை ஒப்பந்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓனர் கடிதம் தனியாக நின்று வேலை செய்யாது. ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, மின் ரசீதில் ஓனர் பெயரும் கதவு எண்ணும் இருக்கின்றன, ஆதாரில் உங்கள் பெயரோடு பழைய முகவரி இருக்கிறது. இந்த மூன்றையும் இணைத்து, “இந்தப் பெயர்க்காரர் இந்த வீட்டில்தான் இன்று இருக்கிறார்” என்று சொல்வதே கடிதத்தின் வேலை. அது எப்படி எழுதப்பட வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

ஓனரிடம் போகும் முன்

முதலில் உங்கள் வார்டு சச்சிவாலயத்துக்குப் போங்கள். கல்விப் பொறுப்பில் இருப்பவரிடம் உங்களிடம் உள்ள காகிதங்களைக் காட்டி, எது போதும், எது குறைகிறது என்று கேளுங்கள். ஒதுக்கீட்டு விண்ணப்பங்களைச் சச்சிவாலயத்தின் வழியாகவும் போடலாம் என்பதால் அவர்களுக்கு இது பழக்கம். “வாடகை ஒப்பந்தம் மட்டும் போதுமா, ஓனர் கடிதமும் வேண்டுமா, நோட்டரி முத்திரை வேண்டுமா?” என்று மூன்றையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். பாதி விவரத்தோடு ஓனரிடம் போய் ஒரு கையெழுத்து வாங்கி, பிறகு இன்னொன்றுக்கு மறுபடி போய் நின்றால், இரண்டாம் முறை அவருக்குச் சந்தேகம் வரும்.

விண்ணப்பம் திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. திறந்திருக்கும் நாட்களும் குறைவு. பள்ளிகள் ஜூன் நடுவில் திறப்பதால் எல்லாம் அதற்கு முந்தைய சில மாதங்களுக்குள் நடந்து முடியும். பொங்கல் முடிந்ததுமே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினால், ஓனர் பெங்களூரிலோ சென்னையிலோ இருந்தாலும் கையெழுத்து வாங்க நேரம் இருக்கும். ஆனால் கடிதத்தில் தேதி மட்டும் விண்ணப்பிக்கும் சமயத்துத் தேதியாக இருக்கட்டும். ஆறு மாதப் பழைய கடிதத்தைக் கண்டால், “இப்போதும் அங்கேயா இருக்கிறீர்கள்?” என்ற கேள்வி உடனே வரும்.

ஓனரின் பயம் என்ன?

பெரும்பாலான ஓனர்கள் கெட்ட மனதால் மறுப்பதில்லை. அவர்களுக்கு இரண்டு பயங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சு எளிதாகும்.

முதல் பயம் வீட்டைப் பற்றியது. “எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வீட்டில் உரிமை கேட்பார்கள், 12 வருஷம் இருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே போய்விடும்” என்ற பேச்சு இரு ஊர்களிலும் காதில் விழும். 12 ஆண்டு என்ற கணக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்திலிருந்து வந்தது. அது, உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவர் உரிமையை மறுத்து, வெளிப்படையாக இடத்தைப் பிடித்து வைத்திருப்பவரைப் பற்றியது. வாடகைக்கு இருப்பவர் ஓனரின் அனுமதியோடுதான் இருக்கிறார். எத்தனை ஆண்டு வாடகை கொடுத்து இருந்தாலும் அந்த இருப்பு எதிர் அனுபவம் ஆகாது. அதோடு, வாடகைக்கு வந்தவர் குடியிருக்கும் காலத்தில், தான் குடிவந்தபோது வீடு ஓனருடையது அல்ல என்று வாதாட முடியாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. எனவே “இவர் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்” என்று எழுதுவதால் ஓனர் எதையும் இழப்பதில்லை. அந்த வரியோடு குடித்தனக்காரரின் கையெழுத்தும் ஒரு காகிதத்தில் இருந்தால், அது ஓனருக்குத்தான் பாதுகாப்பு.

இதிலிருந்து ஒரு நல்ல வழி பிறக்கிறது. வாய்மொழியாகக் கேட்பதோடு நிறுத்தாமல், நீங்களே ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு ஓனரிடம் கொடுங்கள். “தங்களுக்குச் சொந்தமான வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் நான், என் மகளின் பள்ளிச் சேர்க்கைக்காக மட்டும் இருப்பிடக் கடிதம் வேண்டுகிறேன்” என்ற ஒரே வாக்கியம் போதும். வீடு அவருடையது, நீங்கள் வாடகைக்கு இருப்பவர் என்று நீங்களே எழுதித் தந்த சான்று அது. அவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் காகிதம் கைக்கு வந்தபின் தயக்கம் விடும் ஓனர்கள் உண்டு.

இரண்டாவது பயம் பணத்தைப் பற்றியது. வாடகைத் தொகை வெளியே தெரிந்தால் வரி, வீட்டு வரி உயர்வு என்று ஏதாவது வரும் என்று நினைப்பார்கள். பள்ளிக்கு வாடகைத் தொகை தேவையே இல்லை. கடிதத்தில் அதை எழுத வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒப்பந்த நகலும் தர வேண்டியிருந்தால் அதில் தொகை இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிற்பாடு தெரிந்து மனக்கசப்பு வருவதைவிட முன்பே சொல்வது நல்லது.

ஒரு குடும்பத்தின் கதை

எப்படிக் கேட்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். சித்தூர் மாவட்டம் குடிபாலா மண்டலத்திலிருந்து ஒரு குடும்பம் திருப்பதிக்கு வந்து கொர்லகுண்டாவில் முதல் மாடிப் பின்போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறது. தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் தனியார் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் வருகிறது. வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. மின் ரசீதோ ஓனரம்மாவின் காலஞ்சென்ற தந்தை பெயரில் வருகிறது. சச்சிவாலயத்தில் கேட்டபோது, ஒப்பந்தத்தில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர் என்பதால் ஓனர் கடிதமும் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

வாடகை கொடுக்கப் போகும் நாளில், கணவனும் மனைவியும் சேர்ந்தே கீழ்வீட்டுக்குப் போகிறார்கள்.

“அம்மா, சின்னவளை இந்த வருஷம் ஒண்ணாம் கிளாஸ்ல சேர்க்கணும். பக்கத்து ஸ்கூல்ல ஃப்ரீ சீட்டுக்குப் போடப் போறோம். எங்க ஆதார் ஊர் அட்ரஸ்ல இருக்கு. நாங்க இங்கதான் இருக்கோம்னு நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா உதவியா இருக்கும்மா.”

“அக்ரிமென்ட் இருக்கே, அதைக் கொடுங்களேன். எழுதிக் கொடுத்தா பின்னாடி வம்பாயிடும்னு எங்க அண்ணன் சொல்றாரு பா.”

“அக்ரிமென்ட்டும் கொடுக்கறோம்மா. கரண்ட் பில்லு உங்க அப்பா பேர்ல வருதுல்ல, அதுக்குத்தான் கேக்கறாங்க. வீடு உங்களது, நாங்க வாடகைக்கு இருக்கோம்னுதான் அதுல இருக்கும். நாங்களும் அதே மாதிரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்திருக்கோம். இதை நீங்க வெச்சுக்கோங்க. வாடகை எவ்வளவுன்னு எழுத வேணாம். அண்ணன் பார்த்துட்டுச் சொல்லட்டும், ரெண்டு நாள் கழிச்சு வர்றோம்.”

இதில் பின்பற்ற வேண்டியவை மூன்று. கடிதம் எதற்கு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்கள். எழுதிய மாதிரியைக் கையோடு கொண்டுபோனதால் ஓனரம்மா யோசித்து எழுத வேண்டிய வேலை இல்லை, தமையனிடம் காட்டவும் முடியும். உடனே கையெழுத்துக் கேட்டு நெருக்காமல் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்கள். வாடகை பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு, அல்லது எப்போது தருவோம் என்று சொல்லிவிட்டுக் கேட்பது முறை. இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் கடிதம் பேரப் பொருளாகிவிடும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

அந்தக் குடும்பம் கொண்டுபோன மாதிரி இது. கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள். பள்ளியிலும் சச்சிவாலயத்திலும் படிப்பவர்களுக்காக இதைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதி, ஓனருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டியபின் கையெழுத்து வாங்குங்கள்.

தேதி: ______

பெறுநர்: தலைமை ஆசிரியர், ______ பள்ளி, திருப்பதி.

திருப்பதி, கொர்லகுண்டா, கதவு எண் ______ கொண்ட வீட்டின் உரிமையாளர் ______ ஆகிய நான் தெரிவிப்பது. இந்த வீட்டின் மின் இணைப்பு எண் ______. இணைப்பு காலஞ்சென்ற என் தந்தை ______ பெயரில் உள்ளது. இந்த வீட்டின் முதல் மாடிப் பின்போர்ஷனில் ______ என்பவர் தன் மனைவி ______, மகள் ______ ஆகியோருடன் ______ ஆண்டு ______ மாதம் முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறார். இன்றும் அங்கேயே குடியிருக்கிறார். இந்தக் கடிதம் அவர் வேண்டுகோளின்படி, மகள் ______ பள்ளிச் சேர்க்கைக்காக மட்டும் தரப்படுகிறது.

கையெழுத்து, முழுப் பெயர், கைபேசி எண்.

பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். தந்தை பெயரை மட்டும் போட்டுவிட்டுப் பிள்ளை பெயரை விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. பிள்ளை இந்த வீட்டில் இருக்கிறது என்பதுதான் நிரூபிக்க வேண்டிய செய்தி. குடிவந்த மாதம் ஒப்பந்தத்தில் உள்ள மாதத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒப்பந்தத்தை 11 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருந்தால், முதன்முதலில் வந்த மாதத்தைக் கடிதத்தில் எழுதி, நடப்பு ஒப்பந்தத்தின் நகலை இணையுங்கள். வெள்ளைத்தாளே போதும். முத்திரைத்தாளும் நோட்டரியும், கேட்டால் மட்டும்.

எங்கே தடுக்கும்?

கடிதம் திரும்பி வந்தால் காரணம் பெரும்பாலும் கதவு எண்தான். ஒரே வீட்டில் நாலைந்து போர்ஷன்கள் ஒரே எண்ணில் இருக்கும். பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். ஒப்பந்தத்தில் பழையது, வரி ரசீதில் புதியது என்று வந்தால், கடிதத்தில் “கதவு எண் ___, பழைய எண் ___” என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். போர்ஷன் எது என்பதையும் எழுதுங்கள். நேரில் பார்க்க யாராவது வந்தால் சரியான வாசலைத் தட்டுவார்கள்.

அடுத்தது மாவட்டத்தின் பெயர். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் எடுத்த ஆதாரிலும் மின் ரசீதிலும் திருப்பதி ஊரே “சித்தூர் மாவட்டம்” என்று இருக்கும். இது பிழை இல்லை, பழைய நிர்வாக எல்லையின் சுவடு. கடிதத்தில் இப்போதைய மாவட்டத்தையே எழுதுங்கள். கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். சித்தூர், குடிபாலா பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, கையெழுத்துப் போடுபவர் யார் என்பது. ஓனர் வெளியூரில் இருக்க, வாடகை வாங்கும் உறவினரே கடிதம் தந்தால், “நான் உரிமையாளரின் சகோதரர், அவர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று அதில் சொல்ல வேண்டும். இன்னும் நல்லது, ஓனரே கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்புவது. நீங்கள் ஒரு குடித்தனக்காரரிடமிருந்து உள்வாடகைக்கு எடுத்திருந்தால் அவர் தரும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு. வீட்டின் உரிமையாளரையே அணுக வேண்டும்.

ஓனரின் ஆதார் நகலையும் சில இடங்களில் கேட்பார்கள். அதைக் கேட்கும்போது அவர் மனநிலையைப் புரிந்துகொள்ளுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலைத் தரலாம். நகலின் குறுக்கே “பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும்” என்று பேனாவால் எழுதி, தேதி போடச் சொல்லுங்கள். மின் ரசீதோ வரி ரசீதோ போதும் என்றால் ஆதாரைக் கேட்காமலே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள சொந்தக்காரரிடம் குடியிருப்பதாகப் பொய்க் கடிதம் வாங்காதீர்கள். விசாரணையில் தெரிந்தால் பிள்ளை கிடைத்த இடத்தை இழக்கும், கையெழுத்துப் போட்டவரும் மாட்டிக்கொள்வார். உண்மையாகவே அந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கும் இன்னொரு ஏழைப் பிள்ளையின் இடம் அது.

ஓனர் மறுத்தே விட்டால்

கடிதம் தரும்படி ஓனரைக் கட்டாயப்படுத்த எளிய வழி இல்லை. அதற்காகச் சண்டைக்குப் போனால் வீட்டையும் காலி செய்ய நேரலாம். கையில் இருப்பதை வைத்து வேறு வழி தேடுங்கள். வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதுவே பட்டியலில் உள்ள சான்று. கடிதம் கூடுதல் வலு மட்டுமே. அதைச் சச்சிவாலயத்தில் சொல்லி, ஒப்பந்தத்தோடு விண்ணப்பத்தைப் போடுங்கள். ஒப்பந்தமும் இல்லை என்றால் ஓட்டர் கார்டையோ டிரைவிங் லைசென்ஸையோ இந்த முகவரிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஆட்டோ ஓட்டும் தந்தைக்கு லைசென்ஸ் எப்படியும் பயன்படும் ஆவணம். இவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் பொங்கல் முடிந்ததுமே தொடங்கச் சொன்னது.

எந்த வழியிலும் இந்த ஆண்டு ஒதுக்கீட்டு விண்ணப்பம் போட முடியவில்லை என்றால், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அருகில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கைக் காலம் முடிந்தது என்றோ மறுக்கக் கூடாது என்பதையும் அதே சட்டம் 14, 15 பிரிவுகளில் சொல்கிறது. ஒன்றாம் வகுப்பு ஒதுக்கீடு அந்த ஒரு வயதுக்கே உரியது. அடுத்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பு வரும்போது கையில் காகிதம் இருக்க வேண்டுமானால், வாடகை ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போதே குடும்பத்தில் உள்ள எல்லோர் பெயரையும் கதவு எண்ணையும் போர்ஷனையும் அதில் எழுதச் சொல்லுங்கள். புதுப்பிக்கும் நாளில் ஓனர் எப்படியும் கையெழுத்துப் போடத்தான் போகிறார்.